“29-ஆம் தேதி போட மாட்டேன்”: ஒரு கணக்காளரின் கடிதத்தை வாசித்தல்

தாம்பரத்துக்குத் தெற்கே, ஜிஎஸ்டி சாலையை ஒட்டி இருக்கும் ஒரு சிறிய மெஷினிங் கம்பெனியின் கணக்காளர் தன் மேலாளருக்கு எழுதிய ஒரு பக்கக் கடிதம் இது. தேதி ஏப்ரல் 2, 2025. வாகன உதிரி பாகங்களைக் கடைந்து, பக்கத்தில் இருக்கும் பெரிய ஆலைகளுக்குச் சப்ளை செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி அது. எழுதியவரின் அனுமதியோடு இங்கே தருகிறேன். பெயர்கள் இல்லை. தொகைகளை, விகிதம் கெடாமல், கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

விஷயம் எளிது. நான்கு பில்கள், மொத்தம் 31.40 லட்சம் ரூபாய். சரக்கு ஏப்ரல் 2 அன்று வண்டி ஏறப்போகிறது. பில்லில் மார்ச் 29 என்று தேதி போடச் சொல்கிறார் மேலாளர். கணக்காளர் மறுக்கிறார். கடிதம் முழுவதும் இதுதான்:

> மதிப்பிற்குரிய சார்,
>
> வணக்கம். இன்று காலை நீங்கள் சொன்ன நான்கு பில்கள் பற்றி எழுதுகிறேன்.
>
> இந்த நான்கு லோடும் நேற்று மாலைதான் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து தயாரானது. மார்ச் 29 அன்று நம்மிடம் இருந்தது பாதி முடிந்த சரக்கு. 30 ஞாயிறு, 31 ரம்ஜான். இரண்டு நாளும் கேட் திறக்கவில்லை.
>
> டேலியில் 29-ஆம் தேதி போட முடியும். ஈ-இன்வாய்ஸ் போர்ட்டலும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அன்று நடக்காத விற்பனையை நடந்ததாக நான் பதிவு செய்ய மாட்டேன். இதை உங்கள் மீதுள்ள மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.
>
> பேங்க் லிமிட் புதுப்பிக்க எட்டு கோடி காட்ட வேண்டிய நெருக்கடி எனக்குப் புரிகிறது. கையில் இருந்த சரக்கு முழுவதையும் மார்ச் 31 ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் காட்டியிருக்கிறேன். இந்த நான்கு லோடின் விவரத்தையும் கஸ்டமரின் பர்ச்சேஸ் ஆர்டர் நகலையும் சேர்த்து, பேங்க் மேனேஜருக்கு ஒரு கவரிங் லெட்டர் தயார் செய்து தருகிறேன்.
>
> நான்கு பில்களையும் இன்றைய தேதியில் தயாராக வைத்திருக்கிறேன். நீங்கள் சரி என்றால் பன்னிரண்டு மணிக்குள் வண்டி கிளம்பலாம்.
>
> இதற்கு மேலும் 29-ஆம் தேதிதான் வேண்டும் என்றால், நீங்கள் எழுத்தில் கொடுத்தால் ஆடிட்டரிடம் கேட்டுச் செய்கிறேன்.
>
> இப்படிக்கு,

பத்து தடவையாவது வாசித்திருப்பேன். கடைசி வாக்கியம் தவிர மற்றதெல்லாம் சரியான இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

எட்டு கோடி ஏன்?

மேலாளரின் நெருக்கடி கற்பனை இல்லை. சிறு தொழில்களின் கேஷ் கிரெடிட் லிமிட்டை, 5 கோடி வரையிலான நடைமுறை மூலதனத்துக்கு, வங்கிகள் பெரும்பாலும் டர்ன்ஓவரை வைத்துத்தான் கணக்கிடுகின்றன. நாயக் கமிட்டி முறை என்பார்கள்: எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதம். இந்தக் கம்பெனி வங்கிக்குக் கொடுத்திருந்த எதிர்பார்ப்பு 8 கோடி. அதில் 20 சதவீதம் 1.60 கோடி. மார்ச் 29 மாலை வரை உண்மையில் நடந்த விற்பனை 7.72 கோடி. அதை வைத்துப் போட்டால் 1.544 கோடி. வித்தியாசம் 5.60 லட்சம். 31.40 லட்சம் பில்களை மார்ச்சுக்குள் தள்ளினால் விற்பனை 8.03 கோடி ஆகிவிடும், புதுப்பிக்கும்போது கேள்வி வராது. இதுதான் மேலாளரின் கணக்கு.

இப்போது மறுபக்கம். மார்ச் தேதி போட்ட பில்லுக்கான ஜிஎஸ்டியை ஏப்ரல் 20-க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி-யில் கட்ட வேண்டும். ஏப்ரல் தேதி என்றால் மே 20 வரை நேரம். 31.40 லட்சத்துக்கு 18 சதவீதம் என்றால் 5.65 லட்சம். அதாவது 5.60 லட்சம் லிமிட்டைக் காப்பாற்ற, 5.65 லட்சம் வரியை ஒரு மாதம் முன்னாடியே கட்டுகிறார்கள். உள்ளீட்டு வரி வரவு மிச்சம் இருந்தால் கையிலிருந்து போகும் பணம் குறையும், அவ்வளவுதான். இது போக, புது நிதியாண்டு 31.40 லட்சம் பள்ளத்தோடு தொடங்குகிறது. அடுத்த மார்ச்சில் அந்தப் பள்ளத்தையும் சேர்த்து நிரப்ப வேண்டும்.

இந்தக் கணக்கு கடிதத்தில் இல்லை. முதல் வாசிப்பில் இதை ஒரு குறையாகத்தான் நினைத்தேன். மேலாளரை மடக்க இதைவிட நல்ல வாதம் கிடைக்குமா? பிறகு யோசித்தால், இல்லாததுதான் சரி என்று பட்டது. “இதில் லாபம் இல்லை சார்” என்று மறுத்தால், லாபம் இருக்கும் நாளில் மறுக்கக் காரணம் இருக்காது. லிமிட் வித்தியாசம் 20 லட்சமாக இருந்திருந்தால் என்ன செய்வது? மறுப்பை லாப நஷ்டத்தில் நிறுத்தாமல், 29-ஆம் தேதி கேட்டுக்குள் என்ன இருந்தது என்பதில் நிறுத்தியிருக்கிறார். இரண்டாவது பத்தியில் வாதமே இல்லை, கவனியுங்கள். எந்த நாளில் என்ன நடந்தது, அவ்வளவுதான். அதை மறுக்க வேண்டுமென்றால் மேலாளர் காலண்டரோடுதான் சண்டை போட வேண்டும்.

முன்தேதி என்ற சொல்லின் குழப்பம்

மேலாளர் வாய்வழியாகச் சொன்ன ஒரு வாதம் கடிதத்தில் இல்லை. கணக்காளர் என்னிடம் சொன்னார். “சரக்கு போகிறதுக்கு முன்னாடியே பில் போடலாம்னு ஜிஎஸ்டி சட்டத்திலேயே இருக்கே?”

இருக்கிறது, உண்மைதான். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 31-ஆவது பிரிவுப்படி, அனுப்பி விற்கும் சரக்குக்கு, அது வெளியேறும்போதோ அதற்கு முன்போ பில் போட வேண்டும். மார்ச் 29 அன்றே உட்கார்ந்து அன்றைய தேதியில் பில் போட்டு, ஏப்ரல் 2 அன்று சரக்கை அனுப்பினால் 31-ஆவது பிரிவு அதைத் தப்பு என்று சொல்லாது.

இங்கே தமிழும் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. ‘முன்தேதி’ என்கிறோம். ‘முன்’ என்றால் கடந்துபோனதும் ஆகும், முன்கூட்டியும் ஆகும். முன்கூட்டிப் போட்ட பில்லும் பழைய தேதி போட்ட பில்லும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் இரண்டும் வேறு. 29 அன்று எழுதி 29 என்று தேதியிட்டால் காகிதம் தன்னைப் பற்றி உண்மை சொல்கிறது. 2-ஆம் தேதி எழுதி 29 என்று போட்டால், தான் எப்போது பிறந்தேன் என்பதிலேயே அது பொய் சொல்கிறது. நல்லவேளையாக இந்தக் கடிதத்தில் ‘முன்தேதி’ என்ற சொல்லே இல்லை. “29-ஆம் தேதி” என்று எண்ணைத்தான் சொல்கிறார்.

அப்படியே 29 அன்று உண்மையாகவே பில் போட்டிருந்தாலும் மேலாளரின் வேலை முடிந்திருக்காது. பில் வேறு, விற்பனை வேறு. இப்படிப்பட்ட கம்பெனிகள் பின்பற்றும் கணக்கியல் தரம் 9-இன்படி, சரக்கின் உரிமையும் அதோடு வரும் ஆபத்தும் வாங்குபவருக்குப் போன பிறகுதான் அது வருமானம். பாதி கடைந்த சரக்கு பட்டறைக்குள்ளேயே இருக்கும்போது தீப்பிடித்தால் நஷ்டம் யாருக்கு? பட்டறைக்குத்தான். அப்படியென்றால் அது இன்னும் விற்கவில்லை. அதனால்தான் கணக்காளர் “அன்று போடாத பில்” என்று எழுதாமல் “அன்று நடக்காத விற்பனை” என்று எழுதுகிறார். ஒரு சொல் வித்தியாசம். மேலாளரின் 31-ஆவது பிரிவு வாதத்துக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

முடியும், மாட்டேன்

கடிதத்தின் இதயம் மூன்றாவது பத்தி.

மரியாதையாக மறுக்கத் தமிழில் நமக்குப் பழகிய வழி ‘இயலாது’. “தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாத நிலையில் உள்ளேன்” என்று ஆயிரம் கடிதங்களில் பார்த்திருப்போம். பேச்சில் ‘முடியாது’. அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள்: என்னால் ஆகாது, எனக்கு விருப்பமில்லை. எது என்று கேட்பவர் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார். “டேலியில முடியாது சார்” என்று சொல்லியிருந்தால், “ஏன் முடியாது, எஃப்2 அழுத்தி தேதி மாத்துங்க” என்று அடுத்த நொடி பதில் வந்திருக்கும். அது உண்மையும்கூட.

இதைத் தொழில்முறையில் பார்க்கிறவன் என்ற வகையில் சொல்கிறேன்: இங்கே எந்த மென்பொருளும் குறுக்கே நிற்காது. 5 கோடிக்கு மேல் விற்பனை என்பதால் இந்தக் கம்பெனி ஒவ்வொரு பில்லையும் ஈ-இன்வாய்ஸ் போர்ட்டலில் பதிவு செய்தாக வேண்டும். ஏப்ரல் 2025 முதல், 10 கோடியும் அதற்கு மேலும் விற்பனை உள்ளவர்கள் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இவர்களுக்கு அந்தக் கெடுவும் இல்லை. நான்கு நாள் பழைய தேதியைப் போர்ட்டல் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும். கேள்வி கேட்காதே தவிர, மறக்காது. பில் போர்ட்டலில் பதிவானதும் திரும்பி வருவதில் இரண்டு தேதிகள் இருக்கும்:

```
"Dt":    "29/03/2025"
"AckDt": "2025-04-02 11:40:00"
```

முதல் தேதி நாம் சொன்னது. இரண்டாவது போர்ட்டல் தானே குத்திய முத்திரை. அதில் நாம் கை வைக்க முடியாது. ஈ-வே பில்லில் வண்டி எண்ணும் நேரமும் ஏப்ரல் 2 என்று இருக்கும். வாங்கிய ஆலையின் கேட்டில் சரக்கு உள்ளே வந்த பதிவும் அப்படித்தான். கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் கட்டாயமான எடிட் லாக்கிலும் பதிவு உருவான நேரம் இருக்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எடிட் லாக்கில் தேதி வித்தியாசம் இருப்பது மட்டுமே குற்றத்துக்குச் சாட்சி இல்லை. தாமதமாக வந்து சேர்ந்த கொள்முதல் பில்லை எல்லாக் கணக்காளரும் பழைய தேதியில்தான் பதிவார்கள். அந்த பில்லின் தேதியே அதுதான். ஆனால் விற்பனை பில் நம் கையில் பிறப்பது, சரக்கோடு கூடவே போவது. அதில் பதிவு 2, வண்டி 2, கேட் 2, பில் மட்டும் 29 என்றால் விளக்கம் சொல்ல இடமில்லை. ஆடிட்டர்கள் ஆண்டு முடிவில் செய்யும் கட்-ஆஃப் சோதனை இதற்காகத்தான்: மார்ச்சின் கடைசிச் சில பில்களையும் ஏப்ரலின் முதல் சில பில்களையும் எடுத்து, சரக்கு வெளியே போன தாள்களோடு பொருத்திப் பார்ப்பார்கள்.

கணக்காளர் இதையெல்லாம் எழுதி மேலாளரைப் பயமுறுத்தவில்லை. “மாட்டிக்கொள்வோம்” என்று எழுதியிருந்தால், மாட்டாத வழியைத் தேடுவதுதான் அடுத்த பேச்சாக இருந்திருக்கும். மாறாக, “முடியும்” என்று முதலில் ஒப்புக்கொள்கிறார், பிறகு “நான் மாட்டேன்” என்கிறார். ‘மாட்டேன்’ கடுமையான சொல்தான். மேலதிகாரியிடம் நேரில் சொல்லத் தயங்குவோம். ஆனால் இயந்திரத்தின் மேல் பழி போடாமல், சட்டத்தின் பின்னால் ஒளியாமல், எழுவாயாக ‘நான்’ நிற்கும் ஒரே வாக்கியமும் அதுதான். மரியாதை அதற்குப் பக்கத்திலேயே வருகிறது. மறுப்பைக் கரைப்பதற்காக இல்லை, மறுப்பைக் கேட்பவர் அவமானமாக உணராமல் இருப்பதற்காக. அடுத்த பத்தியில் மேலாளரின் சிக்கலைத் தன் சிக்கலாக எடுத்துக்கொண்டு கவரிங் லெட்டர் தருகிறேன் என்பதும் அப்படித்தான்.

தேதி மட்டும்தானே?

“பில் நிஜம், சரக்கு நிஜம், பணமும் வரப்போகுது. தேதி மட்டும்தானே?” இதுவும் மேலாளர் சொன்னது. இதற்கு உலகம் பார்த்த பெரிய பதில் என் துறையிலேயே இருக்கிறது.

நியூயார்க்கில் கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் என்று ஒரு மென்பொருள் நிறுவனம். கொழும்பில் பிறந்த சஞ்சய் குமார் அதன் தலைவராக இருந்தார். அங்கே நடந்ததற்கு வைக்கப்பட்ட பெயர் ‘35 நாள் மாதம்’. காலாண்டு முடிந்த பிறகும் கணக்கைச் சில நாட்கள் திறந்தே வைத்து, அப்போது கையெழுத்தான ஒப்பந்தங்களில் பழைய தேதி போட்டு, முந்தைய காலாண்டு வருமானமாகக் காட்டினார்கள். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 1998 முதல் 2000 செப்டம்பர் வரையிலான கணக்கைப் பார்த்துச் சொன்னது: குறைந்தது 363 ஒப்பந்தங்கள், 330 கோடி டாலருக்கு மேல் வருமானம். வாடிக்கையாளர்கள் நிஜம், ஒப்பந்தங்கள் நிஜம். தேதி மட்டும் பொய்.

அந்தத் தேதியைக் காப்பாற்ற அடுத்தடுத்து என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒப்பந்தங்கள் ஃபேக்ஸில் வந்தவை. ஃபேக்ஸ் இயந்திரம் தாளின் ஓரத்தில் தானே தேதி அச்சிடும். ஆடிட்டரிடம் காட்டும் முன் அந்த ஓரங்களை நீக்கினார்கள். நம் `AckDt` போலத்தான் அதுவும்: யாரும் கேட்காமலேயே உண்மையைக் குறித்து வைத்திருந்தது. பிறகு விசாரணை வந்தபோது அதையும் மறைக்க வேண்டியிருந்தது. விசாரணையைத் தடுத்ததும் குற்றச்சாட்டில் சேர்ந்தது. சஞ்சய் குமார் 2006-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 12 ஆண்டு சிறைத் தண்டனை.

31 லட்சத்தையும் 330 கோடி டாலரையும் ஒரே தராசில் வைக்கவில்லை. இயங்கும் விதம் ஒன்றுதான் என்கிறேன். ஒரு காலாண்டு அடுத்த காலாண்டிடம் கடன் வாங்கினால், அடுத்தது அதற்கடுத்ததிடம் இன்னும் பெரிதாக வாங்க வேண்டும். நம் கம்பெனியின் 31.40 லட்சம் பள்ளமும் அதே வகைதான்.

கடைசி வாக்கியம்

இனி குறை. “நீங்கள் எழுத்தில் கொடுத்தால் ஆடிட்டரிடம் கேட்டுச் செய்கிறேன்.”

நம் அலுவலகங்களில் பரவலாக இருக்கும் நம்பிக்கை இது: எழுதி வாங்கிவிட்டால் நாம் தப்பித்தோம். மேலாளர் பெரும்பாலும் எழுதித் தரமாட்டார், அதனால் விஷயம் அத்தோடு நின்றுவிடும் என்ற தந்திரமும் இதில் உண்டு. கணக்காளரும் அந்த நினைப்பில்தான் எழுதியதாகச் சொன்னார். ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டால்?

கணக்கைப் பொய்யாக்குவது பற்றிய சட்டப் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 477ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 344. ஏமாற்றும் நோக்கத்தோடு, தெரிந்தே பொய்ப் பதிவு செய்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இது யாரைப் பற்றிப் பேசுகிறது? எழுத்தர், அலுவலர், பணியாளர் என்று வரிசையாகச் சொல்கிறது, எழுத்தர்தான் முதலில். முதலாளிகளைப் பிடிக்க எழுதிய பிரிவு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கலாம். அது கணக்குப் புத்தகத்தில் கை வைக்கிறவரின் பெயரைத்தான் முதலில் கூப்பிடுகிறது. மேலாளரின் கடிதம் கையில் இருந்தால் மேலாளரும் உடந்தை என்பதற்குச் சாட்சி கிடைக்கும். பதிவு போட்டவரை அது விடுவிக்காது. சொல்லப்போனால், தெரிந்தேதான் போட்டார் என்பதற்கு ஏப்ரல் 2 தேதியிட்ட இந்தக் கடிதமே போதும்.

சட்டத்தை விடுங்கள். எழுத்தாகப் பார்த்தாலும் அந்த வாக்கியம் மூன்றாவது பத்தியை அடித்துவிடுகிறது. “நான் மாட்டேன்” என்று நின்றவர், “எழுதிக் கொடுத்தால் செய்கிறேன்” என்று நகர்ந்துவிடுகிறார். நடக்காத விற்பனை, எழுத்தில் உத்தரவு வந்ததும் நடந்துவிடுமா? ஆடிட்டரை உள்ளே கொண்டுவருவதும் பொருந்தவில்லை. கவரிங் லெட்டரில் என்ன எழுதலாம் என்று அவரிடம் கேட்கலாம். 29 அன்று கேட் உள்ளே என்ன இருந்தது என்பது அவரைக் கேட்டு முடிவு செய்யும் விஷயம் இல்லை.

அந்த வாக்கியத்துக்குப் பதிலாக வேறு எதையும் எழுத வேண்டியதில்லை. எடுத்துவிட்டால் போதும். அதற்கு முந்தைய பத்திதான் சரியான முடிவு: பில்கள் தயார், இன்றைய தேதி, பன்னிரண்டு மணிக்குள் வண்டி கிளம்பலாம். மறுப்புக் கடிதம் ஒன்று, மேலாளர் ‘சரி’ என்று ஒரு சொல் சொன்னால் வேலை நடந்துவிடும் இடத்தில் அவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. மேலாளர் எதையும் எழுதித் தரவில்லை. வண்டி போனது, நான்கு பில்லிலும் ஏப்ரல் 2. லிமிட்டை வங்கி 7.72 கோடியை வைத்தே புதுப்பித்தது.